காலியாகக் கிடந்த ஒரு கட்டம்: 2003 வேலைநிறுத்தமும் அரசுப் பணியின் சட்டமும்

அரசு அலுவலகத்தின் வருகைப் பதிவேடு பார்ப்பதற்கு ஒரு நீள நோட்டு, அவ்வளவுதான். இடது ஓரத்தில் பெயர், பக்கத்தில் பதவி, அதற்கப்புறம் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு சின்னக் கட்டம். காலையில் வந்ததும் அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 2003 ஜூலை 2-ம் தேதிக்கான கட்டம் தமிழ்நாட்டின் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் லட்சக்கணக்கில் காலியாகக் கிடந்தது. அன்றுதான் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம் தொடங்கியது. கட்டம் காலியாக இருந்த காரணத்துக்காகவே சுமார் இரண்டு லட்சம் பேரை அரசு டிஸ்மிஸ் செய்தது. தனித்தனி மெமோவும் இல்லை, விசாரணையும் இல்லை.

இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2003 ஆகஸ்ட் 6 அன்று ‘டி.கே. ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு’ என்ற தீர்ப்பாக முடிந்தது. ‘வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு உரிமை இல்லை’ என்ற ஒரு வரிதான் பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் அரசு வேலைக்கும் தனியார் வேலைக்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான். அரசுப் பணியின் பலம், பலவீனம் இரண்டுமே ஒரே வேரிலிருந்து வருகின்றன என்பது இதில் அப்பட்டமாகத் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் தாலுகா அலுவலக இளநிலை உதவியாளர். இரண்டாமவர் தனியார் நூற்பாலைத் தொழிலாளி. மூன்றாமவர் அதே ஆலையில் மேலாளர். மூவருக்கும் வேலையில் சேரும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். பார்வைக்கு மூன்றும் நியமனக் கடிதம்தான். சட்டம் அவற்றை ஒரே மாதிரி படிப்பதில்லை.

சண்டை எங்கே தொடங்கியது

நிதி நெருக்கடி என்று சொல்லி, ஓய்வூதியப் பலன்கள் உட்பட ஊழியர்களுக்குக் கிடைத்துவந்த சில சலுகைகளை மாநில அரசு குறைத்தது. அவற்றைத் திரும்பக் கொடு என்பதுதான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கை. ‘நான் சேரும்போது இருந்த சலுகையை என் சம்மதம் இல்லாமல் எப்படி எடுப்பாய்?’ என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் அரசு ஊழியர் விஷயத்தில் இதற்கு 1967-லேயே பதில் சொல்லியாகிவிட்டது.

ரோஷன்லால் டாண்டன் என்ற ரயில்வே ஊழியரின் வழக்கு அது. பதவி உயர்வுக்கான விதியை இடையில் மாற்றிவிட்டார்கள், நான் சேர்ந்தபோது இருந்த நிபந்தனைதான் எனக்குப் பொருந்த வேண்டும் என்று அவர் போனார். உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அரசுப் பணி தொடங்குவது ஒப்பந்தத்தில்தான். ஒரு தரப்பு வேலை தருகிறது, மறு தரப்பு ஏற்கிறது. ஆனால் பதவியில் அமர்ந்த நிமிடமே அந்த உறவு ஒப்பந்தம் என்பதிலிருந்து ‘தகுநிலை’ என்பதாக மாறிவிடுகிறது. அதற்கப்புறம் ஊழியரின் உரிமைகளையும் கடமைகளையும் தீர்மானிப்பது இரு தரப்பும் பேசி எழுதிய காகிதம் அல்ல, சட்டமும் விதிகளும்தான். விதிகளை அரசு ஒருதலையாக மாற்றலாம், ஊழியரின் சம்மதம் வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்படி விதி செய்யும் அதிகாரம் அரசியல் சட்டத்தின் 309-வது பிரிவிலிருந்து வருகிறது.

அதற்காக அரசு எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அர்த்தம் இல்லை. மாற்றம் பாரபட்சமாக இருந்தாலோ, ஏற்கெனவே கைக்கு வந்து சேர்ந்த பலனைப் பின்தேதியிட்டுப் பிடுங்கினாலோ கேள்வி கேட்கலாம். ‘நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இப்படி இல்லையே’ என்ற வாதம் மட்டும் எடுபடாது.

அதே இடத்தில் நூற்பாலைத் தொழிலாளியை வைத்துப் பாருங்கள். 2003-ல் நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் 9-ஏ பிரிவுப்படி, சம்பளம், படி, வேலை நேரம், விடுப்பு போன்றவற்றை முதலாளி மாற்ற நினைத்தால் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்த 21 நாட்களுக்குள் மாற்றத்தை அமலுக்குக் கொண்டுவரக் கூடாது. அந்த இடைவெளியில் சங்கம் சமரச அலுவலரிடம் போகலாம். சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் மாற்றம் அப்படியே நின்றுவிடும். இந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. 21 நாள் அறிவிப்பு அதிலும் தொடர்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அரசின் அடிப்படை விதிகளும் பணி விதிகளும் யாருக்கெல்லாம் பொருந்துகின்றனவோ அவர்களுக்கு இந்த அறிவிப்புத் தேவையில்லை என்று அந்த 9-ஏ பிரிவே சொல்லிவைத்திருந்தது. ஒரு மில் முதலாளி ஒருதலையாகச் செய்ய முடியாததை அரசு செய்யலாம். ‘கவர்மெண்ட் வேலை, கல்லில் எழுதின மாதிரி’ என்று பெண் வீட்டில் பேசிக்கொள்கிறார்களே, அந்தக் கல்லில் எழுதும் உளி முழுக்க முழுக்க அரசின் கையில் இருக்கிறது.

22-வது விதி

சரி, சலுகையைக் குறைத்துவிட்டார்கள். எதிர்த்து வேலையை நிறுத்தலாமா?

நம் இளநிலை உதவியாளர் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-க்குக் கட்டுப்பட்டவர். அலுவலகத்துக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதோடு இந்த விதிகள் நிற்பதில்லை, வீட்டுக்குள்ளும் வருகின்றன. சொத்து வாங்கினால் தகவல் தர வேண்டும் அல்லது அனுமதி பெற வேண்டும். முதல் மனைவி இருக்க இன்னொரு திருமணம் கூடாது. அரசியல் கட்சியில் சேரக் கூடாது. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்கக் கூடாது. வேறு எதிலும் அடங்காத தவறுக்கு ‘எப்போதும் முழு நேர்மையோடும் கடமை உணர்வோடும் இருக்க வேண்டும்’ என்ற பொருளில் எழுதப்பட்ட 20(1) இருக்கிறது. எந்தக் குற்றச்சாட்டுக் குறிப்பாணையைப் பிரித்தாலும் கடைசி வரியில் ‘விதி 20(1)-ஐ மீறியுள்ளார்’ என்று தட்டச்சு செய்திருப்பார்கள். எல்லாச் சட்டைக்கும் பொருந்தும் பொத்தான் மாதிரி அது.

வேலைநிறுத்தத்துக்கு உரியது 22-வது விதி. அரசு ஊழியர் எவரும் வேலைநிறுத்தத்திலோ, அதைத் தூண்டுவதிலோ, அது போன்ற செயலிலோ ஈடுபடக் கூடாது என்கிறது. ‘அது போன்ற செயல்’ எதுவென்று கீழே ஒரு விளக்கமும் உண்டு. மேலதிகாரியையோ அரசையோ ஒன்றைச் செய்ய வைக்கும் நோக்கத்தோடு அனுமதியின்றி வேலைக்கு வராமல் இருப்பதும், உண்ணாவிரதம் இருப்பதும் அதில் அடங்கும். வராமல் இருப்பது மட்டும் போதாது, ஒன்றைச் சாதிக்கும் நோக்கத்தோடு வராமல் இருந்திருக்க வேண்டும். அந்த ‘நோக்கம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் ஆலையில் நடத்தை விதி என்ற பெயரில் எதுவும் இருக்காது. அங்கே அந்த இடத்தில் வேலை நிபந்தனைகளை எழுதிவைத்த நிலையாணைகள் இருக்கும். அவையும் தவறான நடத்தைகளைப் பட்டியல் போடும். திருட்டு, கீழ்ப்படியாமை, குடித்துவிட்டு வருவது, அப்புறம் ‘சட்டவிரோத வேலைநிறுத்தம்’. அந்த அடைமொழிதான் முக்கியம். வேலைநிறுத்தம் எல்லாமே தவறு அல்ல. சட்டம் சொன்ன அறிவிப்பையும் காலத்தையும் மீறினால்தான் தவறு. 2003-ல் பொதுப் பயன்பாட்டுச் சேவை அல்லாத ஆலையில் முன்னறிவிப்புகூடக் கட்டாயம் இல்லை. புதிய தொகுப்புச் சட்டம் இதை இறுக்கிவிட்டது. இப்போது எந்தத் தொழில் நிறுவனத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். 22-வது விதியின் அந்த விளக்கத்தோடு இதைச் சேர்த்துப் படித்தால், தனியார் தொழிலாளியின் சட்டம் மெல்ல அரசு ஊழியரின் விதியை நோக்கி நகர்வதாக எனக்குத் தோன்றுகிறது.

அரசு ஊழியருக்கு இப்படி ஒரு தடை செல்லுமா என்ற கேள்வி 1962-லேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் வந்தது. பீகார் அரசின் விதி ஆர்ப்பாட்டம், வேலைநிறுத்தம் இரண்டையும் தடை செய்திருந்தது. ஆர்ப்பாட்டம் கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவம் என்பதால் அதற்கான தடையை நீதிமன்றம் ரத்து செய்தது. வேலைநிறுத்தத் தடையை அப்படியே விட்டது. அதனால் 2003-ல் வேலைநிறுத்தம் விதிமீறலா என்பதில் சட்டப்படி பெரிய சந்தேகம் இல்லை. விதிமீறலுக்கு என்ன நடைமுறையில் தண்டனை கொடுக்கலாம் என்பதில்தான் சண்டை.

ஒரு மெமோ எப்படிப் போக வேண்டும்

ஊழியரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் பணியாளர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள் இருக்கின்றன. அலுவலகப் பேச்சில் 17(ஏ), 17(பி) என்று இரண்டு எண்கள் ஓயாமல் அடிபடும். கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் மாதிரியான சின்னத் தண்டனைக்கு 17(ஏ). பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், டிஸ்மிஸ் போன்ற பெரிய தண்டனைக்கு 17(பி). ‘அவருக்கு 17(பி) கொடுத்துட்டாங்க’ என்றால் அலுவலகமே ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

17(பி) என்றால் முதலில் குற்றச்சாட்டுகளை எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ஆவணம், எந்தச் சாட்சி என்ற பட்டியலும் அதோடு வர வேண்டும். ஊழியர் எழுத்துமூலம் விளக்கம் தருவார். விசாரணை அலுவலர் சாட்சிகளை விசாரிப்பார். ஊழியர் குறுக்கு விசாரணை செய்யலாம். விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுத்து, அதன்மேல் அவருக்கு என்ன சொல்ல இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் இறுதி ஆணை. அறிக்கை நகல் தராமல் தண்டித்தால் என்ன ஆகும் என்பதை 1993-ல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விரிவாகச் சொல்லியிருக்கிறது. இறுதி ஆணைக்கு மேல் மேல்முறையீடும் உண்டு.

இதெல்லாம் வெறும் விதி என்றால் அரசு நாளைக்கே மாற்றிவிடலாம். இதன் கருவை மட்டும் மாற்ற முடியாது. குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, தற்காத்துக்கொள்ள நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் டிஸ்மிஸ், பணிநீக்கம், பதவியிறக்கம் மூன்றையும் செய்யக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 311(2). சலுகையைக் குறைக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்த அதே ‘தகுநிலை’ இந்தக் கேடயத்தை ஊழியருக்குக் கொடுத்திருக்கிறது.

கேடயத்தில் மூன்று ஓட்டைகள் உண்டு. குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருந்தால் விசாரணை வேண்டாம். நாட்டின் பாதுகாப்பு கருதியும் தவிர்க்கலாம். மூன்றாவது, விசாரணை நடத்துவது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அதிகாரி கருதினால். இந்த மூன்றாவதைத்தான் 1985-ல் துளசிராம் படேல் வழக்கில் அலசினார்கள். அதோடு சேர்ந்த வழக்குகளில் வேலைநிறுத்தம் செய்த ரயில்வே ஊழியர்களும் இருந்தார்கள். தீர்ப்பு ஊழியர்களுக்குச் சாதகமாக வரவில்லை. ஆனாலும் விசாரணை ஏன் முடியாது என்ற காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அந்தக் காரணத்தை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்பது நிலைத்தது. அப்படி ஒரு ஆணை கைக்கு வந்தால் முதலில் தேட வேண்டியது அந்தக் காரணத்தைத்தான். சாட்சிகளை மிரட்டுகிறார், விசாரணை அலுவலரை நடக்க விடவில்லை என்று குறிப்பான விவரம் இருந்தால் ஆணை நிற்கலாம். சட்டத்தின் வாசகத்தையே திருப்பி எழுதி வைத்திருந்தால் விழ வாய்ப்பு அதிகம்.

2003-ல் அரசின் கையில் 2002-ம் ஆண்டின் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் இருந்தது. ‘டெஸ்மா’ என்று எல்லோரும் சொன்னது அதைத்தான். வேலைநிறுத்தம் தொடங்கியதும் அதைக் கூர்மையாக்க ஓர் அவசரச் சட்டமும் வந்தது. டிஸ்மிஸ் ஆணைகள் குவிந்தன. ஆயிரக்கணக்கானோர் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். சிறையில் வைக்கப்பட்டவர்கள் 2,211 பேர், அதில் பெண்கள் 74 பேர் என்று நீதிமன்றத்தில் கணக்குச் சொல்லப்பட்டது. பெரும்பாலும் எழுத்தர்களும் கடைநிலை ஊழியர்களும்தான்.

இப்போது அந்தக் காலிக் கட்டத்துக்கு வருவோம். ஜூலை 2-ம் தேதிக் கட்டம் காலியாக இருந்தால் அவர் வேலைநிறுத்தம் செய்தார் என்றுதான் அர்த்தமா? காய்ச்சலில் படுத்திருக்கலாம். மகப்பேறு விடுப்பில் இருக்கலாம். வேலைக்கு வந்து, வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கலாம். 22-வது விதி கேட்பது நோக்கத்தை. பதிவேடு காட்டுவது வராமையை மட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்பத்தான் விசாரணை என்று ஒன்று இருக்கிறது.

தீர்ப்பாயத்துக்குப் போ

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தனி நீதிபதி, விசாரணையின்றிப் பிறப்பித்த டிஸ்மிஸ், சஸ்பெண்ட் ஆணைகளை நிறுத்திவைத்து, ஊழியர்களை வேலைக்குத் திரும்பச் சொன்னார். அரசு மேல்முறையீடு செய்தது. இரு நீதிபதிகள் அமர்வு அந்த இடைக்கால உத்தரவை ரத்து செய்து, நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் நேராக இங்கே வந்தது தவறு என்று சொல்லிவிட்டது.

கேட்பதற்குக் கல்நெஞ்சமாகத் தோன்றும். சட்டப்படி அதற்கு வலுவான அடிப்படை இருந்தது. அரசு ஊழியரின் பணி வழக்குகளுக்கென்றே 1985-ல் நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டம் வந்தது. மத்திய அரசு ஊழியருக்கு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். மாநிலம் விரும்பினால் தனக்கும் ஒன்று. தமிழ்நாடு 1988-ல் அமைத்துக்கொண்டது. உயர் நீதிமன்றத்தின் பாரத்தைக் குறைப்பதும், பணி விதி தெரிந்தவர்களை வைத்து வேகமாக முடிப்பதும்தான் எண்ணம். 1997-ல் சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. தீர்ப்பாயத்தின் முடிவை உயர் நீதிமன்றம் பரிசீலிக்கும் அதிகாரத்தை யாரும் பறிக்க முடியாது. ஆனால் முதலில் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும், நேராக உயர் நீதிமன்றம் வரக் கூடாது. அமர்வு பிடித்துக்கொண்டது இந்த இரண்டாவது பாதியை.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எம்.பி. ஷா, ஏ.ஆர். லட்சுமணன் இதை ஏற்கவில்லை. விதி சரி, ஆனால் இணையில்லாத அசாதாரண சூழ்நிலைக்காகத்தான் உயர் நீதிமன்றத்துக்கு அசாதாரண அதிகாரம் கொடுத்திருக்கிறது. இரண்டு லட்சம் பேரை ஒரே அடியாக நீக்கியது அப்படிப்பட்ட சூழ்நிலைதான் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்களைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினால் அதனால் நியாயம் வழங்க முடியாது. நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தீர்ப்பாயம் நாளைக்கு 50 மனுவை முடிக்கிறது, வருடத்துக்கு 200 நாள் உட்காருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், இரண்டு லட்சம் மனுவை முடிக்க 20 வருடம் ஆகும். இளநிலை உதவியாளர் பலர் அதற்குள் ஓய்வு பெறும் வயதைத் தாண்டியிருப்பார்கள்.

இதற்கப்புறம் மூன்றே வருடத்தில், 2006-ல், தமிழ்நாடு அந்தத் தீர்ப்பாயத்தையே கலைத்துவிட்டது. தேங்கிக் கிடந்த வழக்குகள் உயர் நீதிமன்றத்துக்கு மாறின. இன்றைக்கு மாநில அரசு ஊழியர் துறை மேல்முறையீட்டை முடித்துவிட்டுச் சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ ரிட் மனுவோடு போகிறார். அதே தெருவில் குடியிருக்கும் மத்திய அரசு ஊழியர் 50 ரூபாய்க் கட்டணத்தோடு மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார். அவருக்கு இரண்டு கண்ணிகள் உண்டு. துறைக்குள் இருக்கும் மேல்முறையீட்டை முதலில் முடிக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஆறு மாதம் பார்த்துவிட்டு வரலாம். இறுதி ஆணை கிடைத்த ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டுவிட வேண்டும். ‘மறுபடி மறுபடி மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தேன்’ என்று மூன்று வருடம் கழித்து வருகிறவர்கள் அதிகம். நினைவூட்டல் கடிதம் எழுதுவதால் காலக்கெடு நீளாது.

ஜூலை 24 அன்று நடந்தது

தீர்ப்பின் புகழ்பெற்ற பகுதி ஆகஸ்ட் 6-ல் வந்தது. வேலை கிடைத்ததோ ஜூலை 24-ல். அன்று தமிழ்நாடு அரசின் மூத்த வழக்கறிஞர் கே.கே. வேணுகோபால், அரசின் அறிவுறுத்தலின் பேரில் நீதிமன்றத்தில் ஓர் உறுதி சொன்னார். வேலைநிறுத்தத்துக்காக டிஸ்மிஸ் ஆனவர்களை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். கைதான சுமார் 2,200 பேரும், முதல் தகவல் அறிக்கையில் பெயர் உள்ளவர்களும் இதில் சேர மாட்டார்கள். திரும்ப வருகிறவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டு, 22-வது விதிக்குக் கட்டுப்படுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வன்முறையில் ஈடுபட்டவர்கள், மற்றவர்களைத் தூண்டியவர்கள் மீது மட்டும் ஒழுங்கு விதிகளின்படி நடவடிக்கை தொடரும். மீதி இருந்த சுமார் ஆறாயிரம் பேரின் முறையீடுகளைப் பார்க்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவரை வைக்க ஏற்பாடானது.

ஆக, இரண்டு லட்சம் பேரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பியது 311-வது பிரிவின் பலத்தால் அல்ல. நீதிபதிகள் யோசனை சொல்ல, அரசு இறங்கி வந்ததால். விசாரணையே இல்லாமல் இரண்டு லட்சம் பேரை நீக்க ஓர் அவசரச் சட்டம் வழிசெய்ய முடியுமா என்ற கேள்விக்கு இந்தத் தீர்ப்பு விடை தரவில்லை. கேட்காமல் விட்ட கேள்விதான் இந்த வழக்கிலேயே பெரிய கேள்வி என்பது என் எண்ணம்.

வேலைநிறுத்தம் பற்றி மட்டும் தீர்ப்பு விரிவாகப் பேசியது. அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை. குறை தீர வேண்டுமானால் வேலையை நிறுத்துவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் நேர்மையாகவும் சுறுசுறுப்பாகவும் வேலை செய்தால் மக்கள் பாராட்டுவார்கள் என்ற பொருளில் ஓர் அறிவுரையும் உண்டு. தொழிற்சங்கக் கூட்டங்களில் இன்றுவரை கசப்போடு நினைவுகூரும் வரி அது. இந்தத் தீர்ப்பைத் தனியார் ஆலை நிர்வாகம் சிலசமயம் நோட்டீஸ் பலகையில் மேற்கோள் காட்டுவதுண்டு. அது பொருந்தாது. ஆலைத் தொழிலாளியின் வேலைநிறுத்தத்தை எப்போது செய்யலாம், எப்போது கூடாது என்று சட்டமே வகுத்திருக்கிறது.

அகமதாபாத்தில் ஓர் ஆலை

ஒப்பிட்டுப் பார்க்க குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 1973-ல் அகமதாபாத்தில் அந்த ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிர்வாகம் எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களை மொத்தமாக வெளியேற்றியது. அதுவும் தண்டனை என்று சொல்லாமல், நிலையாணையில் உள்ளபடி சாதாரணப் பணிமுடிப்பு என்று. தண்டனை இல்லையென்றால் விசாரணையும் வேண்டாமே என்பது கணக்கு.

1979-ல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்தக் கணக்கைக் கலைத்தது. ஆணையின் வாசகத்தை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருந்த காரணத்தைப் பார்த்தது. வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்கத்தான் அனுப்பினார்கள் என்பது நிர்வாகத்தின் பதிவுகளிலேயே தெரிந்தது. தண்டனை என்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக என்ன தவறு செய்தார் என்று நிரூபிக்க வேண்டும்; கூட்டத்துக்கு மொத்தமாகத் தண்டனை கிடையாது. சட்டவிரோத வேலைநிறுத்தமாகவே இருந்தாலும் சும்மா கலந்துகொண்டவரையும் வன்முறையில் இறங்கியவரையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது தொழிலாளர் சட்டத்தில் 1960 முதலே இருந்துவரும் கருத்து.

2003 ஜூலை 24-ல் அரசு கொடுத்த உறுதியை மறுபடி படியுங்கள். வன்முறையாளர், தூண்டியவர் மீது மட்டும் நடவடிக்கை. மில் தொழிலாளிக்கு நாற்பது வருடமாக இருந்த அளவுகோலைத்தான் அரசு ஊழியருக்கு அன்று சலுகை போலக் கொடுத்தார்கள்.

தனியார் தொழிலாளிக்கு வழியும் வேறு. சமரச அலுவலரிடம் மனு. 45 நாளில் முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். புதிய தொகுப்பில் அந்த இடத்தில் தொழில் தீர்ப்பாயம் வருகிறது. தண்டனை அதிகம் என்று தோன்றினால் அங்கே குறைக்கலாம், மறுபடி வேலையும் கொடுக்கலாம். ரிட் விசாரிக்கும் உயர் நீதிமன்றமோ நிர்வாகத் தீர்ப்பாயமோ சாதாரணமாக நடைமுறையைத்தான் பார்க்கும். தண்டனை மனசாட்சியை உலுக்கும் அளவுக்கு இருந்தால்தான் அளவில் கைவைக்கும். அந்த வகையில் தொழிலாளியின் மன்றம் அகலமானது. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவும் இருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத அறிவிப்பும் இல்லாமல் அனுப்பக் கூடாது, அனுப்பினால் தொழிலாளர் துறை அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். மென்பொருள் நிறுவன ஊழியர் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மூன்றாவது ஆள்

இத்தனை நேரம் ஓரத்தில் நின்ற மேலாளரைப் பார்ப்போம். அவர் சட்டப்படி தொழிலாளி இல்லை. கடைகள் சட்டத்திலும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு விலக்கு. அவருடைய உலகம் அந்த நியமனக் கடிதத்தோடு முடிகிறது. ‘இரு தரப்பில் எவரும் மூன்று மாத அறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுத்து விலகலாம்’ என்ற ஒரு வரி ஏழாவதோ எட்டாவதோ பத்தியில் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை மனிதவள அறைக்குக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினால், அவர் கேட்கக்கூடியது பெரும்பாலும் அந்த மூன்று மாதச் சம்பளம்தான். தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தை நீதிமன்றம் கட்டாயப்படுத்தி நிறைவேற்றாது, வேண்டுமானால் நஷ்டஈடு. இதற்கு மூன்றே விதிவிலக்கு என்று 1960-களின் திவாரி வழக்கிலிருந்து சொல்லிவருகிறார்கள். 311-ன் பாதுகாப்பு பெற்ற அரசு ஊழியர், தொழில் சட்டத்தின் கீழ் வரும் தொழிலாளி, சட்டத்தை மீறி நடந்த சட்டப்பூர்வ அமைப்பின் ஊழியர். நம் மேலாளர் மூன்றிலும் இல்லை.

அதே மூன்று மாத அறிவிப்பு வரி ஓர் அரசு நிறுவனத்தின் விதியில் இருந்தபோது, 1986-ல் புரோஜோநாத் கங்குலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று ரத்து செய்தது. வாசகம் ஒன்றுதான். எழுதியவர் அரசின் கரம் என்பதால் அங்கே சமத்துவ உரிமை குறுக்கே வந்தது.

ஆகவே ‘அரசா, தனியாரா’ என்று இரண்டாகப் பிரிப்பது கொஞ்சம் ஏமாற்றும். வேலையை விட்டு அனுப்புவது என்று வரும்போது இளநிலை உதவியாளரும் மில் தொழிலாளியும் ஒரு பக்கம் நிற்கிறார்கள், மேலாளர் தனியாக நிற்கிறார். வேலையை நிறுத்துவது, வாயைத் திறந்து விமர்சிப்பது என்று வந்தால் மேலாளரும் மில் தொழிலாளியும் ஒரு பக்கம், அரசு ஊழியர் தனியாக.

2004 மக்களவைத் தேர்தலில் மாநிலத்தின் ஆளுங்கட்சி படுதோல்வி அடைந்த பிறகு, வேலைநிறுத்தம் தொடர்பாக மிச்சமிருந்த நடவடிக்கைகளை அரசு திரும்பப் பெற்றது. 2019 ஜனவரியில் அரசு ஊழியர், ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ மறுபடி ஒரு காலவரையற்ற வேலைநிறுத்தம் நடத்தியது, ஒன்பது நாள். 22-வது விதி அப்படியே இருந்தது. கைதுகளும் இருந்தன, சஸ்பெண்டும் இருந்தது. ஆனால் இந்த முறை மொத்த டிஸ்மிஸ் இல்லை. நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் கைக்கு வந்த தாளில் அவரவர் பெயரும், குற்றச்சாட்டும், விளக்கம் தருவதற்கான கெடுவும் இருந்தன. மேலே ‘விதி 17(பி)-யின் கீழ்’ என்று போட்டிருந்தது.